காலம் தடுமாறிய கட்டுரை

எமது தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலருக்கு இலக்கணம் பற்றி ஏதாவது எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, வேற்றுமை பற்றியோ புணர்ச்சி பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும் சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு இரவுகள் நடந்த ஓர் இலக்கண வழக்கு நினைவுக்கு வந்தது. அவ்வழக்கு ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் பற்றியது. ஆனால் அதன் வேர் எமது தமிழில் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளுள்ள வீடுகளில் இதே வழக்கு இனியும் எழக்கூடும் என்பதால் அதனையே இங்கு எழுதுகிறேன்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றில், தான் எதிர்கொண்ட ஒரு நெருக்கடியையும் அதிலிருந்து தான் கற்றதையும் 500 சொற்களுக்குள் எழுதுமாறு கேட்டிருந்தார்கள். அவள் இரண்டு வாரம் இருந்து எழுதினாள். எழுதியதைத் தன் ஆங்கில ஆசிரியையிடம் காட்டினாள். அவர் மேற்பகுதியில் ஒரேயொரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார்: "காலம் அலைகிறது. சரிசெய்." எந்த இடத்தில் அலைகிறது, எப்படிச் சரிசெய்வது என்று அவர் குறிக்கவில்லை. கணினியின் பிழைதிருத்தியோ ஓரிடத்திலும் கோடிடவில்லை.

"அப்பா, ஒவ்வொரு வசனமும் சரியாத்தான் இருக்கு. பிறகு என்ன பிழை?" என்று கேட்டுக்கொண்டே தாளை என் முன் வைத்தாள்.

அவள் கேட்டது நியாயமே. காலத் தடுமாற்றம் என்பது ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் பிழையன்று. இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் இருக்கும் பிழை. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் குற்றமற்றதாகத் தோன்றும். ஆகையால்தான் வாக்கியம் வாக்கியமாகத் திருத்துகின்றவர் கண்ணுக்கும், கணினியின் கண்ணுக்கும் அது தப்பிவிடுகிறது.

அவள் எழுதிய இரண்டாம் பத்தியை, காலங்களை மாற்றாமல் தமிழில் தருகிறேன்.

"மார்கழி மாதத்தில் அப்பாவின் தோள் எலும்பு முறிந்தது. அவர் பாரம் தூக்க முடியாது என்று வைத்தியர் சொன்னார். அம்மா இரவு வேலைக்குப் போகிறார். நான் காலையில் 5.30 மணிக்கு எழுந்து தம்பிக்குச் சாப்பாடு கட்டுகிறேன். அவனைப் பாடசாலையில் விட்டேன். ஒருநாள் பனி கொட்டுகிறது. நாங்கள் நடந்தோம். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அப்பாவுக்கு எப்ப சுகம் வரும்?' என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார். நான் இயன்முறை மருத்துவம் படிக்க விரும்பினேன்."

இதை வாசித்தபோது, நான் முதலில் இலக்கணத்தைப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்" என்ற வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. அக்கட்டுரை சொல்லும் மார்கழி இரண்டு ஆண்டுகளுக்கு முந்தியது. பண்டகசாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த நான் வழுக்கி விழுந்து, ஏழு மாதம் வீட்டில் இருந்தேன் என்பது உண்மை. ஆனால் எட்டாம் மாதத்தில் ஒரு தளபாடக் கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்து, இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். அதே விண்ணப்பத்தின் இன்னொரு பக்கத்தில் பெற்றோரின் தொழிலும் வருமானமும் கேட்கப்பட்டிருந்தன. அங்கே நான் உழைப்பவன், கட்டுரையிலோ வேலையற்றவன். இரண்டையும் ஒருங்கே வாசிக்கும் ஒருவர் எதனை நம்புவார்? என் மகள் பொய் சொல்ல எண்ணவில்லை. ஒரு வினைச்சொல்லின் காலம் அவளறியாமலே அவளைப் பொய் சொல்ல வைத்திருந்தது.

கடைசி வரி அதற்கு நேர் எதிரான திசையில் தவறியது. "படிக்க விரும்பினேன்" என்றால், முன்னர் விரும்பினேன், இப்போது விரும்பவில்லை என்றே ஆங்கில வாசகர் பொருள் கொள்வார். படிப்பதற்குப் பணம் கேட்டு எழுதும் கட்டுரை, அந்தப் படிப்பில் விருப்பம் போய்விட்டது என்று சொல்லி முடிந்திருந்தது.

முதல் இரவு நாங்கள் எதனையும் திருத்தவில்லை. கட்டுரையை அகன்ற வரியிடைவெளி விட்டு அச்சிட்டு எடுத்தோம். அதில் உள்ள முற்றுவினைகளை மாத்திரம் அடிக்கோடிடும்படி மகளிடம் சொன்னேன். எமது பாடசாலையில் படித்தவளாதலால் முற்று எது, எச்சம் எது என்று அவளுக்குத் தெரியும். தமிழில் "எழுந்து, கட்டி, விட்டு" என்பன எச்சங்கள். வாக்கியத்தை முடித்துவைக்கும் வினையே முற்று. ஆங்கிலத்திலும் அவ்வாறே, 'டு' சேர்ந்து வரும் வினையையும், துணைவினையின்றித் தனித்து 'இங்' ஈற்றோடு வரும் வினையையும் விட்டுவிடலாம். அவை தாமாகக் காலத்தை உறுதி செய்வதில்லை. இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து ஒரு வினையாக நிற்கும்போது முதற்சொல்லே காலத்தைச் சுமக்கும். 'வாஸ் வாக்கிங்' என்பதில் 'வாஸ்' என்பதையே பார்க்க வேண்டும்.

அடிக்கோடிட்டபின் ஒவ்வொன்றுக்கும் நேரே ஓரத்தில் இறந்தகாலத்துக்கு "இ", நிகழ்காலத்துக்கு "நி", எதிர்காலத்துக்கு "எ" என்று எழுதினாள். மொத்தம் 61 முற்றுவினைகள் இருந்தன. அவற்றுள் 34 இறந்தகாலம், 25 நிகழ்காலம், 2 எதிர்காலம். ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்துப் பார்க்கச் சொன்னேன். "இ, இ, நி, நி, இ, நி, இ, நி..." என்று வாசித்தவள் பாதியில் நிறுத்திச் சிரித்துவிட்டாள். கதையை வாசிக்கும்போது தெரியாத தடுமாற்றம், கதையை நீக்கி எழுத்துகளை மட்டும் பார்த்தபோது தெரிந்துவிட்டது.

தடுமாற்றம் எப்படி வந்தது என்பதையும் அன்றிரவே ஆராய்ந்தோம். மூன்று காரணங்கள் அகப்பட்டன.

முதலாவது காரணம், அவளுடைய அம்மம்மா. ஊரில் நடந்ததை அம்மம்மா சொல்லும் முறை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "அண்டைக்குச் சந்தைக்குப் போனன். போய் நிண்டு பாக்கிறன், ஒரு சனமில்லை. திரும்பி வாறன், பின்னாலை ஒருத்தன் கூப்பிடுறான்" என்பார். "போனன்" என்று இறந்தகாலத்தில் தொடங்கி, பதற்றமான இடம் வந்ததும் நிகழ்காலத்துக்கு மாறிவிடுவார். கேட்பவர் அந்தச் சந்தையில் தாமும் நிற்பதாக உணர்வார். பேச்சிலே குரலும் முகமும் கையும் அந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். எழுத்தில் அவை இல்லை. மகளின் பத்தியைப் பாருங்கள்: பனி கொட்டுகிறது, தம்பி கேட்கிறான். மனம் பதறிய இடங்களிலேதான் அவளும் நிகழ்காலத்துக்கு மாறியிருக்கிறாள். அம்மம்மாவின் கதை சொல்லும் முறை ஆங்கிலக் கட்டுரைக்குள் வந்து புகுந்துவிட்டது.

இரண்டாவது காரணம், எமது "என்று" என்னும் சொல். பிறர் கூறியதைத் தமிழில் எழுதும்போது, அவர் கூறிய காலத்தை மாற்றாமல் அப்படியே வைத்து "என்று சொன்னார்" என முடிக்கிறோம். "பாரம் தூக்க முடியாது என்று சொன்னார்" என்பது தமிழில் முற்றிலும் சரி. ஆங்கிலத்தில் மேற்கோள் குறியிட்டு, சொன்ன சொற்களை அப்படியே எழுதினால் காலம் மாற வேண்டியதில்லை. மேற்கோள் குறியின்றித் தன் கூற்றாக எழுதினால், சொன்னது இறந்தகாலமாயின் சொல்லப்பட்டதும் பெரும்பாலும் இறந்தகாலத்துக்கு இறங்கும்; 'கேன்' என்பது 'குட்' ஆகும். சொல்லப்பட்ட செய்தி இன்றும் உண்மையாயின் நிகழ்காலத்தில் நிற்கலாம். மகள் 'கேன்' என்று எழுதியிருந்தாள். எனவே என்னால் இன்றும் பாரம் தூக்க முடியாது என்று பொருள்பட்டது. உண்மையில் சென்ற கோடையில் அவளுடைய புத்தக அலுமாரியை மாடிக்கு ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. எமது எதிர்மறை வினைகள் பல காலத்தை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. "எனக்குத் தெரியவில்லை" என்பதில் காலம் எங்கே இருக்கிறது? இப்போது தெரியவில்லை என்றாலும் அதே சொல். அன்றைக்குத் தெரியவில்லை என்றாலும் அதே சொல். "இல்லை", "வேண்டும்" என்பனவும் இத்தகையனவே. ஆங்கிலத்திலோ தெரியவில்லை என்று சொல்லுமுன் 'டூ' என்பதா 'டிட்' என்பதா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். மகளின் கட்டுரையில் ஐந்து எதிர்மறை வினைகள் இருந்தன. அவற்றில் நான்கு தேவையின்றி நிகழ்காலத்தில் நின்றன. எமது பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே சிந்திக்கிறார்கள் என்று நாம் எண்ணுகிறோம். வீட்டில் நடந்ததை எழுத முற்படும்போது, வீட்டு மொழி அடியிலிருந்து மேலே வருகிறது.

இரண்டாம் இரவு திருத்தம் தொடங்கியது. முதலில் கட்டுரை எந்தக் காலத்தில் நிற்கிறது என்று தீர்மானிக்க வேண்டும். நடந்து முடிந்த நிகழ்ச்சியைக் கூறும் கட்டுரையாதலால் இறந்தகாலத்தை நிலைக்காலமாகக் கொண்டோம். அதன்பின் ஓரத்தில் "நி" என்று எழுதப்பட்டிருந்த 25 வினைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டோம்: "விண்ணப்பத்தில் கையெழுத்திடும் அன்றைக்கும் இது உண்மையா?" உண்மையாயின் நிகழ்காலம் இருக்கட்டும், இல்லையாயின் இறந்தகாலமாகட்டும்.

அம்மா இரவு வேலைக்குப் போகிறாரா? இல்லை, இப்போது பகல் வேலை. ஆகவே "போனார்". அப்பா வேலையில்லாமல் இருக்கிறாரா? "இருந்தார்". தம்பி கணிதத்தில் கெட்டிக்காரன் என்று வேறோர் இடத்தில் எழுதியிருந்தாள். அது இன்றும் உண்மை, நிகழ்காலம் நிலைத்தது. முறிந்த எலும்பு பொருந்தினாலும் தசை பலவீனமாகவே இருக்கும், பயிற்சி வேண்டும் என்றொரு வரி இருந்தது. அது என் தோளுக்கு மட்டும் உரியதன்று, பொதுவுண்மை. அதுவும் நிகழ்காலத்திலேயே நின்றது. இப்படியாக 25 வினைகளில் 11 நிலைத்தன, 14 இறந்தகாலமாயின.

"எழுந்து சாப்பாடு கட்டுகிறேன்" என்ற வரியில் சற்று நேரம் நின்றோம். ஆங்கிலத்தில் தனி நிகழ்காலம் வழக்கத்தைக் காட்டும். ஆகவே அவள் எழுதியபடி வாசித்தால், இன்றைக்கும் 5.30 மணிக்கு எழும்புகிறாள் என்றாகும். இன்றைக்கு அவளை எழுப்புவதற்கு இருவர் வேண்டும் என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். முன்னாளில் வழக்கமாகச் செய்ததைத் தமிழில் எதிர்கால வடிவத்தால் சொல்வோம்: "அந்த நாட்களில் விடியமுன் எழுவேன்." ஆங்கிலத்தில் 'வுட்' என்னும் சொல் இதே தொழிலைச் செய்கிறது. அதனை முதல் வினையில் ஒருமுறை வைத்துவிட்டு, தொடரும் வினைகளைத் தனி இறந்தகாலத்தில் எழுதினால் போதும். ஒவ்வொரு வினைக்கும் 'வுட்' சேர்த்தால் வாசிப்பவர் சலித்துவிடுவார்.

இன்னுமோர் இடத்தில் ஒரே இறந்தகாலம் போதவில்லை. நான் விழுந்ததும் இறந்தகாலம். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் அங்கே வேலை செய்ததும் இறந்தகாலம். இரண்டும் ஒரே வடிவில் இருந்ததால், விழுந்த பின்னும் நான்கு ஆண்டுகள் அங்கே வேலை செய்ததாகப் பொருள் கொள்ள இடமிருந்தது. முந்தியதை 'ஹாட்' சேர்த்து, "வேலை செய்திருந்தார்" என்று ஆக்கினோம். கதை ஏற்கெனவே இறந்தகாலத்தில் நிற்கும்போது அதற்கும் அப்பாற்பட்ட ஒன்றைச் சொல்வதற்கே இந்த வடிவம். முன்பின் வரிசை வேறு சொற்களால் தெளிவாகிவிட்டால் இது தேவைப்படாது.

அதன்பின் இறந்தகாலத்தில் இருந்த 34 வினைகளுக்கும் எதிர்க்கேள்வி கேட்டோம்: "இது முடிந்துவிட்டதா?" "விரும்பினேன்" முடியவில்லை, "விரும்புகிறேன்" ஆயிற்று. ஆதரவற்ற முதியோர் இல்லம் ஒன்றில் அவள் செய்துவரும் தொண்டு முடியவில்லை. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதால், 'ஹாவ்' சேர்த்த வடிவம் பொருந்தியது. இவ்வடிவம் சென்ற காலத்துக்கும் இன்றைக்கும் இடையில் பாலம் போன்றது. கட்டுரையின் கதைப் பகுதியிலிருந்து, "இன்று நான் யார்" என்னும் முடிவுப் பகுதிக்கு வருவதற்கு இதைப்போல் உதவுவது வேறில்லை.

மூன்றாம் இரவு நான் கடையிலிருந்து வரப் பிந்திவிட்டது. வந்து பார்த்தால், மகள் எனக்காகக் காத்திராமல் முழுக் கட்டுரையையும் மறுபடி எழுதி முடித்திருந்தாள். எங்கும் ஒரு "நி" இல்லை. எல்லாம் "இ". மனைவியிடம் வாசித்துக் காட்டினாள். "என் தாயார் பொறுமையுள்ள பெண்ணாக இருந்தார். அவருக்கு மூன்று மொழிகள் தெரிந்திருந்தன" என்ற இடம் வந்தபோது, சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்ன பிள்ளை, நான் செத்துப்போனனே?"

திருத்தம் அளவுக்கு மிஞ்சினால் நேர்வது இதுதான். காலம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள், ஒரே காலமாக இருக்க வேண்டும் என்று விளங்கிக்கொள்கிறார்கள். உயிரோடு இருப்பவரின் குணத்தை இறந்தகாலத்தில் எழுதினால் இரங்கலுரை போல ஆகிவிடும். நிகழ்ச்சி முடிந்துவிட்டது, ஆனால் அதில் இருந்த மனிதர்கள் முடிந்துவிடவில்லை. அவர்களுடைய இயல்பு நிகழ்காலத்துக்கு உரியது. ஆகவே முதல்நாள் இரவின் அச்சுப் பிரதியை மறுபடி எடுத்து, நிகழ்காலத்தில் நிலைக்க வேண்டும் என்று நாங்கள் குறித்த வினைகளை மீட்டுக்கொண்டோம். கடைசியில் 61 வினைகளில் 45 இறந்தகாலமாகவும், 14 நிகழ்காலமாகவும், 2 எதிர்காலமாகவும் அமைந்தன. எண்ணிக்கையில் சமன் வேண்டியதில்லை. ஒவ்வொரு "நி"க்கும் அவளால் காரணம் சொல்ல முடிந்தது என்பதே முக்கியம்.

வழக்கு அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். நான்காம் இரவு அவள் வேறொரு முறைப்பாட்டுடன் வந்தாள். பனி கொட்டிய அந்தக் காலையை இறந்தகாலத்தில் எழுதியது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாம் சரி அப்பா. ஆனா இப்ப வாசிச்சா வேறை ஆருக்கோ நடந்த மாதிரி இருக்கு."

நான் விதியைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அண்டைக்குத் தம்பி கேட்ட கேள்வி எனக்கு இன்னும் முடியேல்லை" என்றாள். ஏழு மாதமும் பிள்ளைகள் முன் சிரித்துக்கொண்டே இருந்ததால், அவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் கடந்துவிட்டது என்று நம்பியிருந்தவன் நான். அவளுடைய காலத் தடுமாற்றத்துக்கு நான் கண்டுபிடித்த மூன்று காரணங்களுடன் நான்காவது ஒன்றும் இருந்திருக்கிறது.

அப்போது நான் வகுப்பில் கற்பிக்கும் ஒரு விடயமே எனக்கு எதிராக எழுந்து நின்றது. காலம் மாறி வருவதை எமது இலக்கண ஆசிரியர்கள் கால வழு என்றார்கள். அத்துடன் அவர்கள் நிறுத்தவில்லை. தக்க காரணம் இருக்குமாயின் அந்த வழுவை ஏற்றுக்கொள்ளலாம் என்று கூறி, அதற்குக் கால வழுவமைதி என்று பெயரும் இட்டார்கள். விரைவு காரணமாகக் காலம் மாறலாம் என்பது தொல்காப்பியத்திலேயே உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலில் விரைவுடன் மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்கிறார். சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளை, வாசலில் கூப்பிடுகிறவரிடம் "வந்திட்டன், வந்திட்டன்" என்கிறதே, அது விரைவினால் வந்த வழுவமைதி. இன்னும் வரவில்லை, ஆனால் அதனைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. காரணமின்றி மாறினால் வழு. காரணத்தோடு மாறினால் அமைதி.

ஆங்கிலத்திலும் இதற்கு இடமுண்டு. நடந்து முடிந்த ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்துவதற்காக நிகழ்காலத்தில் எழுதுவது அங்கேயும் பழைய வழக்கமே. ஆனால் அது எழுதியவருடைய தீர்மானம் என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக நான்கு கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டோம். ஒரு காட்சிக்கு மட்டுமே அனுமதி. அக்காட்சி தனிப் பத்தியாக நிற்க வேண்டும். உள்ளே ஒரு வினைகூட இறந்தகாலத்துக்கு நழுவக் கூடாது. அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்திலேயே, காலம் குறிக்கும் சொல்லோடு இறந்தகாலத்துக்கு இறங்கிவிட வேண்டும்.

பனிக் காட்சியை இரண்டாம் பத்தியின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்து, கட்டுரையின் தொடக்கமாக வைத்தாள். இப்போது கட்டுரை இப்படித் தொடங்குகிறது:

"பனி கொட்டுகிறது. பேருந்தைக் காணவில்லை. தம்பியும் நானும் நடக்கிறோம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அப்பாவுக்கு எப்ப சுகம் வரும்?' என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இது நடந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர். அந்த மார்கழியில் அப்பாவின் தோள் எலும்பு முறிந்தது. அதற்கு முன் நான்கு ஆண்டுகள் அவர் ஒரு பண்டகசாலையில் வேலை செய்திருந்தார். ஆறு மாதத்துக்கு அவரால் பாரம் தூக்க முடியாதென்று வைத்தியர் சொன்னார். அம்மா இரவு வேலைக்குப் போனார். நான் காலையில் 5.30 மணிக்கு எழுவேன். தம்பிக்குச் சாப்பாடு கட்டினேன். அவனைப் பாடசாலையில் விட்டேன். அப்பா ஏழு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்."

சொற்களில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அதே பனி, அதே தம்பி, அதே கேள்வி. ஆனால் இப்போது வாசிப்பவர் எங்கே நிற்கிறார் என்பது வாசிப்பவருக்குத் தெரியும். முதற்பத்தியில் அவர் எங்களுடைய தெருவில் நிற்கிறார். இரண்டாம் பத்தியில், இன்றைய நாளில் நின்று அந்தத் தெருவைத் திரும்பிப் பார்க்கிறார்.

அனுப்புவதற்கு முன் இறுதிச் சோதனை ஒன்று செய்தோம். நான் முற்றுவினைகளை மட்டும் உரக்க வாசித்தேன். அவள் தாளைப் பாராமல், "அன்று" அல்லது "இன்று" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பதில் தயங்கிய இடங்கள் இரண்டு. ஒன்றில் "இப்போது" என்ற சொல், இறந்தகால வினையின் அருகில் மறைந்து கிடந்தது. அதை "அப்போது" ஆக்கினாள். மற்றையது 'ரீட்' என்ற சொல். எழுத்தில் அது இரண்டு காலத்துக்கும் ஒன்றாகவே இருக்கும், உச்சரிப்பே வேறுபடும். அவ்விடத்தில் "ஒவ்வொரு இரவும் அந்த மாதங்களில்" என்று காலம் காட்டும் சொற்களைச் சேர்த்துவிட்டாள்.

கட்டுரை 494 சொற்களில் முடிந்தது. விண்ணப்பம் போய்விட்டது. இம்மலர் அச்சுக்குப் போகும் இந்நாள்வரை முடிவு வரவில்லை.

கட்டுரையின் கடைசிப் பத்தியில், நான் சொல்லாமலே அவள் சேர்த்த ஒரு வாக்கியம் இருக்கிறது. அனுப்பிய பின்னர்தான் அதைக் கண்டேன். "என் தந்தை இப்போது ஒரு கடையில் கணக்கெழுதுகிறார், சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கிறார்." இரண்டு வினைகள். இரண்டும் நிகழ்காலம். ஓரத்தில் அவள் பென்சிலால் "நி, நி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறிய சரி அடையாளமும் இட்டிருந்தாள்.